7 ரூபாய் 80 பைசா

பட்டாவை அம்மா பேருக்கு மாற்றுவதற்கு முன்னால் கிஸ்தி பாக்கியை முடித்துவிடுங்கள் என்றார் வி.ஏ.ஓ.

"கடைசியா எந்தப் பசலிக்குக் கட்டுனீங்கன்னு ரசீது இருந்தா எடுத்துட்டு வாங்க தம்பி. இல்லேன்னா நான் பழைய கணக்கைத் தோண்டணும். ஜமாபந்தி நேரம் வேற."

சரவணனின் தாத்தா எதையும் கிழித்துப் போடாத மனுஷர். கட்டிய ரசீதை எல்லாம் கம்பியில் குத்தி, நெல் குதிருக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். நீடாமங்கலம் பக்கத்து வீடுகளில் குதிரே போய்விட்டது, இந்தக் கம்பி மட்டும் அப்படியே இருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தாலும் எழுத்து போகவில்லை.

மேலே இருந்தது பசலி 1412. பசலியோடு 590-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வந்துவிடும். 2002 ஜூலையிலிருந்து 2003 ஜூன் வரை. அதற்கப்புறம் தாத்தா படுத்துவிட்டார். அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியே கதி என்று கிடந்தவர், கிஸ்தியை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆக, 1413 முதல் நடப்பு 1434 வரை 22 பசலி. ரசீதில் இருந்தபடி பசலிக்கு 39 ரூபாய் என்றால் 858. இவ்வளவுதானா என்றிருந்தது.

வேலை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கையில் எடுத்த கம்பியைச் சும்மா வைக்க மனசு வராமல் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனான். 1395 வரைக்கும் அதே 39 ரூபாய். 1394-க்கு வந்தால் 31 ரூபாய் 20 பைசா. அதன் அடியிலேயே இன்னொரு ரசீது, அதே பசலி, வேறு பட்டா எண், 7 ரூபாய் 80 பைசா. பேர் சௌந்தரவல்லி. அதற்குக் கீழே ஒவ்வொரு பசலிக்கும் இப்படியே ஜோடி ஜோடியாக, கர்ணம் காலத்துக் கூட்டெழுத்து வரைக்கும் போனது.

இரண்டையும் கூட்டிப் பார்த்தான். சரியாக 39.

சின்ன ரசீதுகளின் முதுகில் தாத்தாவின் பென்சில் எழுத்து இருந்தது. '1392. அக்கா வீட்டுக்கு 3 மூட்டை. வண்டிக்கூலி தனி.' '1393. 3 மூட்டை. பொங்கலுக்கு மேல் அனுப்பியது.' '1394. ஒரு மூட்டைதான். ஆற்றில் தண்ணீர் வரத்து இல்லை. அக்காவிடம் சொல்லியாச்சு, மீதி அடுத்த வருஷம்.'

1395-இன் முதுகு வெறுமையாக இருந்தது.

"அம்மா, சௌந்தரவல்லி யாரு?"

"உங்க அத்தைப்பாட்டி. தாத்தாவோட அக்கா. ஏன்டா?"

"வாய்க்கா ஓரத்து ஒன்றரை மா யாரோடது?"

அம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னாள். "அவங்களுக்கு மஞ்சக்காணியா எழுதுனதுன்னு நான் கல்யாணமாகி வந்த புதுசுல பேசிக்குவாங்க. அவங்க செத்தப்புறம் யாரும் கேக்கல. நாமளும் சொல்லல."

எண்பதுகளில் பட்டாவை எல்லாம் புதுசாக எழுதினார்கள். யு.டி.ஆர். என்றால் டெல்டாவில் இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. உழுகிறவன் பேரிலேயே அக்காள் நிலமும் ஏறியிருக்கும். அதைத் தாத்தா கவனிக்கவில்லை என்று சரவணனால் நம்ப முடியவில்லை. வண்டிக்கூலியைக்கூட விடாமல் குறித்தவர் அவர்.

858 ரூபாயைக் கட்டி ரசீது வாங்கினான். பட்டா மாற்ற மனு எழுதப்போன வி.ஏ.ஓ.விடம், "அது இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வலங்கைமானுக்குப் பஸ் ஏறினான். அத்தைப்பாட்டியின் மகள், அவனுக்குப் பெரியம்மா முறை, அங்கே பெட்டிக்கடை வைத்திருந்தாள்.

ரசீதுகளை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் படித்தாள். அழுவாள் என்று நினைத்தான். அவள் கடன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, காதோரத்துப் பேனாவை எடுத்தாள்.

"1394-ல ரெண்டு மூட்டை பாக்கி. அதுக்கப்புறம் எத்தனை பசலி?"

"1434-ஓட நாப்பது."

"பசலிக்கு மூணு. ஆக நூத்தி இருபது, ரெண்டு. அதுல தண்ணி இல்லாத வருஷத்தைத் தள்ளணும். வரப்பு வெட்டுனது, கிஸ்தி கட்டுனது உங்க செலவு, அதையும் கழிக்கணும்." எழுதிக்கொண்டே போனவள் நிறுத்தினாள். "இவ்வளவு நெல்லை நான் எங்கடா போட்டு வைக்கிறது?"

"பணமா வேணா கொஞ்சம் கொஞ்சமா..."

"பணம் வேணாம். ஒன்றரை மாவை உட்பிரிவு பண்ணி என் பேருக்குப் பட்டா வாங்கிக் குடு. உங்கம்மா பத்திரத்துல கையெழுத்துப் போடுவாளா?"

"போடச் சொல்றேன்."

"சொல்றேங்காத. கேட்டுட்டு வா. சர்வேயர் செலவு, பத்திரச் செலவு பாதி உன்னுது, பாதி என்னுது. நடவு உன் பொறுப்பு. பழையபடி மூணு மூட்டை."

"இந்த வருஷம் குறுவை மட்டும்தான் பெரியம்மா. ரெண்டு மூட்டை."

"சம்பாவும் போடுவ. மூணு."

சரவணன் ரசீதுகளைக் கேட்டுக் கையை நீட்டினான். அவள் தரவில்லை. சின்னதை எல்லாம் தன் பக்கம் எடுத்துக்கொண்டு, பெரியதை அவனிடம் தள்ளினாள்.