இருபத்து நான்கு எழுத்துகள்

இரவல் வாங்கிய வீடியோ கேம் இதழ். சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அவன் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினான்.

```
G7mO0t Rl1Zq8
x4BkS5 uVI2nP
```

அவனுடைய கேம் கேட்ரிட்ஜில், விளையாடிய இடத்தைச் சேமிக்க பேட்டரி கிடையாது. அணைத்தால் எல்லாம் போய்விடும். எந்தக் கதவு திறந்தது, எத்தனை ஏவுகணை மிச்சம் என்பதெல்லாம் இந்த 24 எழுத்துக்குள்தான் மடித்து வைத்திருக்கிறது. ஓர் எழுத்து பிசகினாலும் கணக்கு இடிக்கும், விளையாட்டு ஏற்காது.

கர்சரை நகர்த்தி நகர்த்தி அடித்து முடித்தான்.

`PASSWORD ERROR`

மறுபடியும் அடித்தான். அதே வரி. கட்டைவிரல் சிவந்துவிட்டது.

"அக்கா, இது ஓவா, சைபரா?"

அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தாள். "ரெண்டையும் ஒரே மாதிரி வட்டமா எழுதியிருக்கியேடா. புத்தகத்தைக் கொண்டா."

இதழை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்தாள். மடிப்பில் மை தேய்ந்திருந்தது. "ஒல்லியா இருக்கே, அதுதான் சைபர். குறுக்கே ஒரு கோடு போட்டுக்கோ. இது சின்ன எல். பக்கத்துல மூக்கு நீட்டியிருக்கிறது ஒண்ணு."

அவள் வாசிக்க வாசிக்க அவன் அடித்தான். கடைசி எழுத்து P. பொத்தானை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

திரை கறுத்தது. பிறகு, அவன் இதுவரை கேட்டிராத ஓர் இசை மெல்ல எழுந்தது.

"அக்கா, போகாதே. உட்காரு."