பின்பக்கச் சேதம்: இணைத்துள்ள ஒன்பது படங்களில் தெரிவது

16 அக்டோபர் 2025
சிங்கப்பூர்

பெறுநர்:
இழப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவு அதிகாரி அவர்கள்
மோட்டார் காப்புறுதி

அன்புள்ள அம்மையீர்,

வணக்கம். நேற்று தொலைபேசியில் பேசியபோது, சேதத்தைப் பற்றித் தமிழிலேயே எழுதி அனுப்பலாம் என்றும், படங்களைப் பார்த்துக்கொண்டே படிப்பதற்கு வசதியாக எழுதுங்கள் என்றும் சொன்னீர்கள். அதன்படி இதை எழுதுகிறேன். பாலிசி எண்ணும் வண்டி எண்ணும் நேற்றுக் காலை உங்கள் விபத்துப் பதிவு மையத்தில் நான் கொடுத்த படிவத்தில் இருக்கின்றன. விபத்து எப்படி நடந்தது என்ற வாக்குமூலமும் அந்தப் படிவத்தில்தான் உள்ளது. விபத்து நடந்தது 14 அக்டோபர், செவ்வாய்க்கிழமை மாலை. மறுநாள் காலையே, 24 மணி நேரத்துக்குள், வண்டியை அங்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டேன்.

இந்தக் கடிதத்தில் விபத்தின் கதையை மறுபடி சொல்லவில்லை. லாரி எந்த வேகத்தில் வந்தது, யார் மேல் தவறு என்பதெல்லாம் இங்கே வராது. படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறேன். வண்டிகளைப் பற்றி நன்கு தெரிந்த நண்பர் ஒருவர் காரைப் பார்த்துவிட்டு, “சேசிஸும் நகர்ந்திருக்கும், அதையும் சேர்த்து எழுது” என்றார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் என் படம் எதிலும் அது தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.

இடப்பக்கம், வலப்பக்கம் என்று நான் எழுதும் இடத்திலெல்லாம், ஓட்டுநர் இருக்கையில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் எது இடம், எது வலமோ அதையே குறிக்கிறேன். படத்தில் வண்டியைப் பின்னாலிருந்து பார்க்கும்போதும் அது மாறாது.

முதல் இரண்டு படங்கள் ஈசூன் அவென்யூ 2-இல், வண்டிகள் நின்ற இடத்திலேயே எடுத்தவை. மழை விட்டிருந்தது, சாலை ஈரமாக இருக்கிறது. மற்ற ஏழும் அன்று இரவு எங்கள் புளோக்கின் பல மாடி கார்நிறுத்தகத்தில், குழல் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தவை. வெளிச்சம் வேறாக இருப்பதால் காரின் சாம்பல் நிறம் முதல் இரண்டு படங்களில் சற்றுக் கறுத்தும், மற்றவற்றில் வெளுத்தும் தெரிகிறது. அது சாயத்தில் ஏற்பட்ட மாற்றம் அல்ல.

படம் 1 காரின் பின்பக்கத்தை முழுதாகக் காட்டுகிறது. பின் பம்பரின் இட முனை அதன் இடத்திலிருந்து விலகிக் கீழே இறங்கியிருக்கிறது. வல முனை உடலோடு ஒட்டியபடியே உள்ளது. பூட் மூடியிருக்கிறது; ஆனால் அதன் இட விளிம்பு வல விளிம்பைவிட உயர்ந்து நிற்பது தெரிகிறது. நம்பர் பிளேட்டின் இடப்பக்கக் கீழ் மூலை உள்நோக்கி மடங்கியிருக்கிறது. எழுத்துகளும் எண்களும் படிக்கும்படியாக உள்ளன. பின் கண்ணாடியில் விரிசல் எதுவும் இந்தப் படத்தில் இல்லை. கண்ணாடிமேல் தெரியும் புள்ளிகள் மழைத் துளிகள்.

படம் 2-இல் இரண்டு வண்டிகளும் ஒன்றாகத் தெரிகின்றன. நீல நிற லாரி என் காருக்குப் பின்னால், சற்று இடப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. அதன் முன் பம்பரின் வல மூலையில் ஒரு நசுங்கலும், அதே இடத்தில் நீலச் சாயம் உரிந்து அடியிலுள்ள உலோகமும் தெரிகின்றன. லாரியின் நம்பர் பிளேட் தெளிவாக இருக்கிறது. லாரி ஓட்டுநர் படத்தில் இல்லை. அவருடைய விவரங்கள் படிவத்தில் உள்ளன. லாரியின் நசுங்கல் இந்த மோதலால் வந்ததா, முன்பே இருந்ததா என்பதை இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

படம் 3, 4 ஆகிய இரண்டையும் தயவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள். முக்கியமான சேதம் இவற்றில்தான் இருக்கிறது. இரண்டும் பின் பம்பரின் இட மூலையைக் காட்டுகின்றன. டெயில் லைட்டுக்கு நேர் கீழே தொடங்கும் ஒரு விரிசல் பம்பரின் அடி விளிம்பு வரை இறங்குகிறது. பாதி தூரத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சக்கரத்தின் பக்கமாக வளைந்து போய் நின்றுவிடுகிறது, மற்றது விளிம்பையே பிளந்துகொண்டு வெளியே வருகிறது. பிளந்த இடத்தில் பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக் தெரிகிறது.

விரிசலுக்கு வலப்புறம் நீலச் சாயம் இழுத்துத் தேய்த்ததுபோல் ஒட்டியிருக்கிறது. அளவு தெரிவதற்காக அதன் கீழே ஒரு வெள்ளி நாணயத்தை ஒட்டிப் படம் எடுத்தேன். இப்போது புழக்கத்தில் உள்ள, ஓரம் பொன்னிறமாகவும் நடுப்பகுதி வெள்ளி நிறமாகவும் இருக்கும் நாணயம். அதன் குறுக்களவு 24.65 மில்லிமீட்டர். நீலத் தடம் அப்படிப்பட்ட நான்கு நாணயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த நீளம், அதாவது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் இருக்கும். படம் 4-இல் தரையிலிருந்து நிமிர்த்திப் பிடித்த அளவு நாடா தெரிகிறது. தடத்தின் அடி 52 சென்டிமீட்டரிலும் மேல் முனை 61 சென்டிமீட்டரிலும் இருப்பதை நாடாவிலேயே படிக்கலாம். கார் அப்போது சமதளத்தில் நின்றது, உள்ளே ஆள் யாரும் இல்லை.

அந்தத் தடத்தை நான் துடைக்கவும் இல்லை, சுரண்டவும் இல்லை. உங்கள் மதிப்பீட்டாளர் நேரில் பார்க்கும் வரை வண்டியைக் கழுவவும் போவதில்லை. லாரியின் நிறமும் நீலம் என்பது படம் 2-இல் தெரிகிறது. இரண்டும் ஒரே சாயமா என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

படம் 5 இட டெயில் லைட். வெளி உறையின் கீழ் மூலை உடைந்து, கட்டைவிரல் அளவுக்கு ஒரு துண்டு காணவில்லை. அந்த ஓட்டை வழியாக உள்ளே இருக்கும் வெண்ணிறப் பகுதி தெரிகிறது. படம் எடுத்தபோது விளக்குகளைப் போட்டிருந்தேன். விளக்கு எரிவது படத்தில் இருக்கிறது. பிரேக்கை மிதித்த நிலையிலோ, ரிவர்ஸ் கியரிலோ படம் எடுக்கவில்லை. ஆகவே பிரேக் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு, பம்பரில் உள்ள ரிவர்ஸ் சென்சார்கள் ஆகியவை வேலை செய்வதாகவோ பழுதாகிவிட்டதாகவோ இந்தப் படங்களைக் காட்டி நான் சொல்லவில்லை. இட ஓரத்துச் சென்சார் அதன் குழியில் சாய்ந்திருப்பது மட்டும் படம் 3-இல் தெரிகிறது.

படம் 6 பூட் மூடிக்கும் காரின் உடலுக்கும் உள்ள இடைவெளி. என் மகளின் பள்ளி ரூலரை இரண்டு பக்கமும் வைத்து எடுத்து, இரண்டையும் ஒரே படமாகச் சேர்த்திருக்கிறேன். ஒன்பது படங்களில் நான் கைவைத்தது இது ஒன்றில்தான். சேர்க்காத மூலப் படங்கள் இரண்டும் தனியே இணைப்பில் உள்ளன. வலப்பக்கத்து இடைவெளி சுமார் 4 மில்லிமீட்டர், இடப்பக்கத்தில் சுமார் 9 மில்லிமீட்டர். விபத்துக்கு முன் எவ்வளவு இருந்தது என்று அளந்த படம் என்னிடம் இல்லை.

படம் 7-ஐப் பார்ப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இடப் பின் சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு அது. முதல் பார்வைக்கு ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும். கார்நிறுத்தகத்துக் குழல் விளக்கு அந்தத் தகட்டில் ஒரு வெள்ளைக் கோடாகப் பிரதிபலிக்கிறது. கதவுப் பக்கத்திலிருந்து அந்தக் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து வாருங்கள். நேராகவே வருகிறது, சக்கரத்தின் உச்சியைத் தாண்டியதும் உள்நோக்கி வளைந்து, பிறகு மறுபடி நேராகிறது. கோடு வளையும் அந்த இடத்தில் தகடு ஒடுங்கியிருக்கிறது. ஆழம் அதிகமில்லை, சாயமும் உரியவில்லை. கையால் தடவினால் பள்ளம் தெரியும். அந்த வெள்ளைக் கோட்டைக் கீறல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது விளக்கின் பிரதிபலிப்புத்தான். சாதாரண வெளிச்சத்தில் இந்த ஒடுக்கம் கண்ணில் படாமல் போய்விடக்கூடும் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். நேரில் பார்வையிடும்போதும் இதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

படம் 8 கைப்பேசியைத் தரையோடு வைத்து அடிப்பக்கத்தை நோக்கி எடுத்தது. இருட்டாக இருக்கிறது, மன்னிக்கவும். பம்பரின் இட முனையைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உடைந்து தொங்குவது தெரிகிறது. சைலன்சர் குழாயின் முனை வளையாமல் இருக்கிறது. தரையில் ஒழுகிய எண்ணெயோ நீரோ படத்தில் இல்லை. பம்பருக்கு உள்ளே இருக்கும் இரும்புத் தாங்கியோ, பூட் தரையின் அடிப்பகுதியோ இதில் தெரியவில்லை. பம்பரைக் கழற்றினால்தான் அவற்றைப் பார்க்க முடியும். அதைக் கழற்றுவது உங்கள் அங்கீகாரம் பெற்ற பட்டறையில், மதிப்பீட்டாளர் முன்னிலையில் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கழற்றிய பிறகு தெரியவரும் சேதம் எதுவானாலும் அவருடைய அறிக்கையில் சேரட்டும். இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதால், அப்படி எதுவும் இல்லை என்று பொருள் ஆகாது.

அப்புறம், படம் 9. பின் பம்பரின் வல மூலையில், விரல் நீளத்துக்குக் கிடைமட்டமாக ஒரு கீறல். இது பழையது. கார்நிறுத்தகத் தூணில் உரசியதால் வந்தது. இந்த விபத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அதற்காக நான் எதுவும் கேட்கவில்லை. பம்பரையே மாற்ற நேர்ந்தால் அந்தக் கீறலும் அதோடு போய்விடும், அது வேறு விஷயம். ஆனால் புதிய சேதத்தோடு அது கலந்துவிடக் கூடாது. நடந்ததற்கு மேல் ஒரு வெள்ளிகூட எனக்கு வேண்டாம். நடந்ததில் எதுவும் விடுபடவும் வேண்டாம்.

காரின் முன்பக்கம், நான்கு கதவுகள், வலப் பின் சக்கரப் பகுதி ஆகியவற்றுக்குப் படம் எடுக்கவில்லை. அங்கே என் கண்ணுக்குச் சேதம் எதுவும் தெரியவில்லை. கார் கேமரா முன்பக்கத்தை மட்டும் பதிவு செய்வது. மோதிய காட்சி அதில் இல்லை. ஆனாலும் அன்றைய பதிவை அழிக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அளவு குறைந்து, படம் 7-இல் உள்ள வளைவு தெரியாமல் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் மூல அளவிலேயே மின்னஞ்சலில் இணைத்திருக்கிறேன். எடுத்த தேதியும் நேரமும் கோப்புகளிலேயே இருக்கின்றன.

கார் இப்போது எங்கள் கார்நிறுத்தகத்திலேயே நிற்கிறது. டெயில் லைட் உடைந்திருப்பதாலும் பம்பர் தொங்குவதாலும் அதைச் சாலையில் எடுக்கவில்லை. பதிவு மையத்திலிருந்துகூட உங்கள் இழுவை வண்டியில்தான் வீடு வந்து சேர்ந்தது. வேறு எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோகவில்லை, போகவும் மாட்டேன். என் அம்மாவை ரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை இந்தக் காரில்தான் அழைத்துப் போவது வழக்கம். இப்போது டாக்சியில் போய்வருகிறோம். சக்கர நாற்காலியோடு ஏறி இறங்குவது அவருக்குச் சிரமமாக இருக்கிறது. அதனால் பார்வையிடும் நாளைக் கொஞ்சம் சீக்கிரமாகக் குறித்துக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும். வார நாட்களில் காலை பத்து மணிக்கு முன்போ, மாலை ஆறு மணிக்குப் பிறகோ நான் கட்டாயம் வீட்டில் இருப்பேன். வேறு நேரம் என்றால் முதல் நாள் சொல்லுங்கள், விடுப்பு எடுத்துக்கொள்கிறேன்.

மேலே எழுதியதில் எந்தப் படத்தைப் பற்றியாவது சந்தேகம் இருந்தால், படத்தின் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தேவைப்பட்டால் அதே இடத்தை வேறு கோணத்தில் எடுத்து அன்றே அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
இரா. கதிரேசன்
காப்புறுதிதாரர், வண்டி உரிமையாளர்

இணைப்பு: படங்கள் 1 முதல் 9 வரை, படம் 6-க்கான மூலப் படங்கள் இரண்டு