யாரா பொறப்போம்னு தெரியாம ஒரு சம்பளக் கணக்கு

ஒரு ஆஸ்பத்திரியில ஸ்பெஷலிஸ்ட் டாக்டருக்கு மாசம் 15,000 வெள்ளி, அதே வார்டைக் கூட்டித் துடைக்கிற கொன்ட்ராக் கிளீனர் அக்காவுக்கு 1,700ன்னு வச்சுக்குவோம். இது நியாயமா? கோலாலம்பூர்ல யாரைக் கேட்டாலும் ரெண்டு பதில்ல ஒண்ணுதான் வரும். "அவரு ராத்திரி பகலா படிச்சாரு, அவருக்குக் கிடைக்குது." இல்லன்னா, "ரெண்டு பேரும் மனுஷங்கதானே, எதுக்கு இவ்ளோ வித்தியாசம்?" யாரு எந்தப் பதில் சொல்றாங்கன்னு பார்த்தீங்கன்னா பெரும்பாலும் அவங்க எந்தப் படியில நிக்கிறாங்களோ அதுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும், அதனாலதான் இந்தச் சண்டை முடியவே மாட்டேங்குது.

ஜான் ரால்ஸ்ங்கிற அமெரிக்கத் தத்துவவாதி 1971ல எழுதின நீதிக் கோட்பாடு புத்தகத்துல கை வச்சது சரியா இந்த எடத்துலதான். ஒரு நாட்டோட அடிப்படைச் சட்டதிட்டத்தை எல்லாரும் ஒக்காந்து பேசி முடிவு பண்ணப்போறோம், ஆனா நமக்கும் நம்மளப் பத்தின விவரத்துக்கும் நடுவுல ஒரு அறியாமைத் திரை தொங்குது. நான் ஆணா பெண்ணா, தமிழனா மலாய்க்காரனா சீனனா, பங்சார்ல பங்களாவா செந்தூல்ல பி.பி.ஆர். ஃபிளாட்டா, மூளைக்காரனா, பொறக்கும்போதே நோயாளியா, எதுவும் தெரியாது. ஆனா உலகம் எப்படி ஓடுதுன்னு தெரியும், பொருளாதாரம் தெரியும், மனுஷனுக்குப் பணமும் மரியாதையும் எவ்வளவு முக்கியம்னு தெரியும். மறைச்சு வச்சிருக்கிறது நம்ம சொந்த ஜாதகத்தை மட்டுந்தான். இப்ப விதியை எழுதுங்கன்னா யாரும் தனக்குச் சாதகமா எழுத முடியாது, ஏன்னா 'தனக்கு'ன்னா யாருன்னே தெரியல.

சரி, அந்தத் திரைக்குப் பின்னால நிக்கிற ஆளு எல்லாருக்கும் ஒரே சம்பளம்னு எழுதுவானா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் நாட்டுல எல்லாருக்கும் 2,000 வெள்ளி. ரெண்டாவது நாட்டுல மேல இருக்கிறவனுக்கு 8,000, கீழ இருக்கிறவனுக்கு 2,600. மூணாவது நாட்டுல மேல 25,000, கீழ 1,700. முதல் நாட்டை விட்டுட்டு ரெண்டாவதுக்குப் போறதுல எனக்குத் தயக்கமே இல்ல, ஏன்னா நான் ரொம்ப மோசமான எடத்துல பொறந்தா கூட 600 வெள்ளி அதிகமா கிடைக்குது, அடுத்தவன் 8,000 வாங்குறான்னு வயித்தெரிச்சல்ல என் சொந்தப் பிள்ளையோட சாப்பாட்டைக் கம்மி பண்ணிக்க மாட்டேன். ஆக அடிமட்டத்துல இருக்கிறவனுக்கும் லாபம் இருந்தா ஏற்றத்தாழ்வு நியாயமா இருக்க முடியும், இதுதான் ரால்ஸோட விதி. ஆனா மூணாவது நாட்டுக்கு ரால்ஸ் ஒத்துக்க மாட்டார், அடிமட்டம் இறங்கிடுச்சு, மேல எவ்வளவு ஏறினாலும் அதை வச்சு ஈடு கட்ட முடியாது.

இங்க ஜான் ஹர்சாஞின்னு ஒரு பொருளாதார நிபுணர் மடக்குறார். யாரா வேணா பொறக்கலாம்னா எல்லாத்துக்கும் ஒரே வாய்ப்புதானே, அப்ப சராசரி எது கூடுதலோ அதை எடு, எப்பவும் கெட்டதே நடக்கும்னு பயந்துக்கிட்டு முடிவெடுக்கிறது புத்திசாலித்தனம் இல்லன்னார். கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ரால்ஸோட பதில்தான் மனசுல ஒட்டுது. இது திரும்பத் திரும்ப ஆடுற ஆட்டம் இல்ல, ஒரே ஒரு வாழ்க்கை. திரை விலகினதும் நான் 1,700 வெள்ளிக்காரன்னு தெரிஞ்சா, "நாட்டோட சராசரி நல்லா இருக்கு, அது போதும்"னு சாகுற வரைக்கும் மனசார ஏத்துக்க முடியுமா? முடியாத வாக்கைக் கொடுக்கவே கூடாது.

அப்ப படிச்சு உழைச்ச டாக்டரோட உழைப்புக்கு மதிப்பே இல்லையான்னு கேப்பீங்க. உழைச்சது உண்மைதான், அதை யாரும் மறுக்கல. ஆனா அந்த மூளை அவரு சம்பாதிச்சது இல்ல, டியூசனுக்குக் காசு கட்டின அப்பா அம்மாவும் அவரு தேர்ந்தெடுத்தது இல்ல. எஸ்.பி.எம். வருஷத்துல வேலைக்குப் போகாம படிக்க முடிஞ்சதே ஒரு கொடுப்பினைதான். தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்போ லைன் வீட்டை விட்டு வெளியேறி டவுனுக்கு வந்த எத்தனையோ குடும்பத்துல டாக்டர் ஆகுற மூளையோட பிள்ளைங்க இருந்திருக்கும், ஃபேக்டரி கேட்டோட நின்னுபோச்சு. அதனாலதான் ரால்ஸ் அடிமட்டத்துக்கு லாபம்கிறதுக்கு முன்னாடியே வேற ரெண்டு விஷயத்தை வச்சார்: அடிப்படைச் சுதந்திரம் எல்லாருக்கும் சமமா இருக்கணும், அந்தப் பெரிய பதவிக்குப் போற வழி எல்லாருக்கும் உண்மையாவே திறந்திருக்கணும். கதவுல போர்டு மாட்டினா மட்டும் பத்தாது.

இப்ப அந்த வார்டுக்கே வருவோம். டாக்டருக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்கிறதுனால ஆளுங்க அந்தக் கஷ்டமான படிப்புக்கு வராங்க, அரசாங்க ஆஸ்பத்திரியிலயே தங்குறாங்க, அங்கதான் கிளீனர் அக்காவோட நெஞ்சு வலிக்கும் பிரசவத்துக்கும் வைத்தியம் நடக்குதுன்னா அந்த வித்தியாசத்துல ஒரு பகுதி பாஸ். ஒரு பகுதிதான். "இவ்வளவு குடுத்தாத்தான் வருவேன்"கிறதே நியாயம் ஆகிடுமான்னு ஜி.ஏ. கோஹன்னு இன்னொரு தத்துவவாதி கேட்டார் பாருங்க, அது ரால்ஸுக்கே குத்துற கேள்வி. கீழ இருக்கிறவன் நல்லா இருக்கணும்னு மெய்யாவே நம்புற டாக்டர், கொஞ்சம் கம்மி வாங்கிக்கிட்டும் அதே வேலையைச் செய்யலாமே. என்னைக் கேட்டா கோஹன் பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன்.

ஆனா சம்பளத்தை விட என்னை உறுத்துறது வேற. என் பெரியம்மா ஒரு ஆஸ்பத்திரியில ரொம்ப வருஷமா கிளீனிங் வேலை பார்த்தாங்க, அதே மாப்பு, அதே மாடி, சட்டையில கம்பெனி பேரு மட்டும் சில வருஷத்துக்கு ஒருக்கா மாறும். 1955 வேலைச் சட்டப்படி ரெண்டு வருஷத்துக்குக் கீழன்னா வருஷ லீவு 8 நாள், அஞ்சு வருஷம் வரைக்கும் 12, அதுக்கு மேல 16. பெரியம்மாவுக்கு ஒவ்வொரு கொன்ட்ராக் மாறும்போதும் புது ஆளுன்னு ஒரு ஃபாரம், திரும்பவும் 8 நாள்லேர்ந்து ஆரம்பம். தீபாவளிக்கு முன்னாடி அந்த எட்டுல எத்தனை மிச்சம்னு அவங்க காலண்டரைப் பார்த்து எண்ணுறதை நான் பார்த்திருக்கேன். இந்த ஏற்றத்தாழ்வுனால கீழ இருக்கிற யாருக்கு என்ன லாபம்? ஒண்ணும் இல்ல. திரைக்குப் பின்னால நிக்கிற எந்த ஆளும், அந்த மாப்பு தன் கையிலயும் வரலாம்னு தெரிஞ்சா, இந்த விதியில கையெழுத்துப் போட மாட்டான்.

அதே 1971ல நம்ம நாட்டுல புதிய பொருளாதாரக் கொள்கை வந்துச்சு. இனம் பார்க்காம வறுமையை ஒழிக்கிறதுங்கிற அதோட முதல் நோக்கத்துல திரைக்குப் பின்னால யாரும் யோசிக்காமலே கையெழுத்துப் போடுவாங்க. அதுக்கு மேல கொடுக்கிற எந்தச் சலுகையா இருந்தாலும், அது அந்தந்த இனத்துல ரொம்பக் கீழ இருக்கிறவன் கைக்குப் போய்ச் சேர்ந்துச்சாங்கிறதுதான் என் கேள்வி, அது எல்லா இனத்துக்கும் பொருந்துற கேள்வி.

ரால்ஸ் விட்டுட்டதும் ஒண்ணு இருக்கு. அவரோட கணக்கு ஒரு மூடின நாட்டுக்குள்ள, பொறந்து அங்கயே சாகுற ஆளுங்களுக்குள்ள நடக்குது. நம்ம ஊர்ல கட்டடம் கட்டுற வங்காளதேசத்துத் தம்பியும், வீட்டுக்குள்ளயே தங்கி வேலை செய்யிற இந்தோனேசிய அக்காவும் அந்தக் கூட்டத்துல ஒக்காரவே இல்ல. 2025 பிப்ரவரியில குறைஞ்சபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆனப்போ வீட்டு வேலைக்காரங்களுக்கு அது பொருந்தாதுன்னு விட்டுட்டாங்க. கடலுக்கு எந்தக் கரையில பொறப்போம்னு தெரியாதவனும் அந்தக் கூட்டத்துல இருந்தாகணும், அவனையும் சேர்த்து ஒக்கார வச்சா அந்த விதிவிலக்கு ஒரு நாள் கூட நிக்காது.