பத்தில் நான்கு

மேசைமேல் கிடந்ததைப் பார்த்ததும், மனப்பாடம் செய்துவந்த பதில்கள் எல்லாம் முருகேசனுக்கு மறந்துபோயின. பம்பு மோட்டார் ஒன்றின் கருகிய ஸ்டேட்டர். மூன்று ஹெச்.பி. பழைய தினத்தாளை விரித்து அதன்மேல் வைத்திருந்தார்கள்.

"சர்வீஸ் மேனேஜர் வேலைக்கு வருகிறவர்களுக்கு என் முதல் கேள்வி இதுதான்," என்றார் மேலாளர். "என்ன ஆனது? சொல்லுங்கள் தம்பி."

வெள்ளைச் சட்டையின் கையை இரண்டு மடிப்பு ஏற்றிவிட்டுக்கொண்டான். 'இன்றைக்காவது கரி பூசாமல் வாருங்கள்' என்று சரண்யா காலையில் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். விரலை உள்ளே விட்டுக் காயில்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே சுற்றிவந்தான். கரி, கரி, அடுத்தது நல்ல தேன் நிறம். மறுபடி கரி, கரி, தேன் நிறம்.

"ஸ்டார் கனெக்ஷன் சார். ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. மீதி இரண்டிலேயே ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த இரண்டும் எரிந்துவிட்டன, கரன்ட் வராதது தப்பித்துக்கொண்டது. பேரிங் பிடித்து எரிந்திருந்தால் மூன்றும் சேர்ந்து கருகியிருக்கும்." குனிந்து ஸ்லாட்டின் பற்களைப் பார்த்தான். "கோர் உருகவில்லை. பழைய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பேப்பர் போட்டுக் கட்டி, வார்னிஷில் முக்கி உலர்த்தினால் மூன்றாம் நாள் தண்ணீர் இறைக்கும்."

கோவை கணபதியில் ஒரு ரீவைண்டிங் பட்டறையில் பதினோரு வருடம். சம்பளம் பதினெட்டாயிரம். இங்கே முப்பத்திரண்டு என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள்.

மேலாளர் சிரித்தார். "நூற்றுக்கு நூறு. ஆனால் கடைசியாகச் சொன்னதை விவசாயியிடம் சொல்லிவிடாதீர்கள்."

பிறகு வேலையை விளக்கினார். நான்கு மாவட்டங்களின் சர்வீஸ் சென்டர்கள் அவன் பொறுப்பில் வரும். புகாராக வரும் பத்து மோட்டாரில் குறைந்தது நான்கு புது மோட்டார் விற்பனையாக மாற வேண்டும். ஏமாற்று இல்லை, புதியதற்கு வாரன்டி உண்டு, மின்சாரமும் குறைவாகத்தான் இழுக்கும். (விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமாக இருக்கும் ஊரில் அதைச் சொல்லி எப்படி விற்பது என்று முருகேசனுக்குத் தோன்றியது. கேட்கவில்லை.) மூன்று முறை கட்டிய மோட்டாரை அவனே பழைய இரும்புக்குப் போடச் சொன்னதும் உண்டு. அதனால் அவர் பேச்சில் பெரிய தப்பு எதையும் அவனால் பார்க்க முடியவில்லை.

"இந்த மாதிரி மோட்டார்களை நான் பிரித்துப் பார்ப்பேனா சார்?"

"எதற்கு? லேப்டாப் தருகிறோம், கார் தருகிறோம். இனி நீங்கள் ஸ்பேனரையே தொட வேண்டாம் தம்பி."

அவர் அதை ஒரு பரிசு போலத்தான் சொன்னார். ஒரு மாதமாக அவனும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் சரண்யாவைக் குஷிப்படுத்திக்கொண்டிருந்தான். இப்போது இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது வயிற்றுக்குள் ஏதோ இறங்கியது. விரல் இன்னமும் அந்தத் தேன் நிறக் காயிலின் மேல்தான் இருந்தது.

"சார், இந்த வேலை எனக்குச் சரிப்படாது."

மேலாளர் பேனாவை மூடினார். "முப்பத்தைந்து வரை பேசிப் பார்க்கிறேன்."

"சம்பளம் தாராளம் சார். எனக்குத்தான் வராது. நீங்கள் பத்தில் நான்கு கேட்கிறீர்கள். நான் பத்தையும் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறு மாதத்தில் நீங்களே அனுப்பிவிடுவீர்கள். அதற்குள் பட்டறையில் என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பான்."

"வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லலாமே?"

"கேட்டால் சேரச் சொல்வார்கள் சார். நானும் சேர்ந்துவிடுவேன்."

மேலாளர் எதுவும் சொல்லாமல் அவனுடைய பயோடேட்டாவை எடுத்தார். ஓரத்தில் ஏதோ எழுதினார். "ஃபேக்டரி வைண்டிங் செக்ஷனில் ஆள் எடுத்தால் கூப்பிடச் சொல்கிறேன். இவ்வளவு சம்பளம் வராது. எப்போது எடுப்பார்கள் என்றும் தெரியாது."

"சரிங்க சார்."

அவினாசி சாலை பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. இரண்டு பஸ்களை விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போன் செய்தான்.

"என்ன சொன்னார்கள்?"

"அவர்கள் வரச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது. அடுத்த விசிலும் வந்தது.

"சட்டை?" என்றாள்.

கையைத் திருப்பிப் பார்த்தான். "வலது கையில் கொஞ்சம்."

"வார்னிஷ் கரியா?"

"ஆமாம்."

"அது போகாது," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.