சுரங்கப்பாதையில் தண்ணீர்

பத்தேகாலுக்குத்தான் குமாரின் செய்தி வந்தது.

"வணக்கம் மேடம். கணேசபுரம் சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர், பஸ் சுற்றிப் போகிறது. ஆனால் நான் வீட்டிலிருந்து கிளம்பியதே ஒன்பதரைக்குத்தான். மழை இல்லாவிட்டாலும் தாமதமாகியிருக்கும். முன்னாடியே சொல்லாதது என் தப்பு. 11 மணிக்குள் வந்துவிடுவேன்."

கண்காணிப்பாளர் இரண்டு தடவை படித்தார். காலையிலிருந்து வந்த மற்ற செய்திகள் எல்லாமே மழையைத்தான் குறை சொல்லியிருந்தன. பாவம், மழை!

நனைந்த பேன்ட்டோடு குமார் வந்து நின்றான்.

"ஒரு மணி நேர பர்மிஷன் எழுதிக் கொடுங்க. அப்புறம், நாளையிலிருந்து வருகைப் பதிவேடு உங்க பொறுப்பு."

"நானா மேடம்? இன்னிக்கு லேட்டா வந்தவனே நான்தானே?"

"அதையும் எழுதத்தானே போறீங்க," என்று பதிவேட்டை நீட்டினார்.