ரெண்டு உத்திரம் போதும்

ராமலட்சுமி போனை நீட்டியபோது முத்தையா ஆசாரி கையில் இழைப்புளி இருந்தது. துண்டில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் மகள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படம். காகிதத்தில் வரைந்த கட்டில் ஒன்றை மேஜை மேல் வைத்து, நின்றபடியே சாய்வாக எடுத்திருந்தாள். வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. கால் கனம் எழுதியிருந்த இடத்தில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து எண்ணே தெரியவில்லை.

"இந்த டிசைன்லதான் வேணுமாம் அண்ணாச்சி. டவுன் கடையில இதே படத்தைக் காட்டிக் கேட்டேன். 12 கன அடி தேக்கு ஆகும்னுட்டான். வீட்டு உத்திரம் மூணு கிடக்கே, அதுல முடியாதா?"

செங்கோட்டைப் பக்கம் அவள் மாமனார் கட்டிய வீட்டைப் போன மாதம்தான் பிரித்தார்கள். இறக்கிய தேக்கு உத்திரங்கள் கொட்டகை ஓரமாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஆறுக்கு அஞ்சு இஞ்ச், பத்து அடி நீளம்.

ஆசாரி பதில் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, போனைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மருமகன் கணேசன் ஸ்கேலை எடுத்துத் திரை மேலேயே வைத்தான்.

"இடது கால் நாலு மில்லி, வலது கால் மூணு மில்லி இருக்கு மாமா."

"ஒரே கட்டிலுக்கு ஒரு கால் தடி, ஒரு கால் ஒல்லியா? சாய்ச்சு எடுத்த படத்துல கிட்ட இருக்கிறது பெருசாத்தான் தெரியும். ஸ்கேலை உள்ள வை. எண்ணு எதெல்லாம் தெரியுதுன்னு வாசி."

கணேசன் வாசித்தான். மெத்தை வைக்கிற இடம் 1905க்கு 1524. முன்பக்கம் மொத்த அகலம் 1676. தலைமாட்டுக் கால் உயரம் 1016, கால்மாட்டில் 406. சட்டம் 150 அகலம், 38 கனம். எல்லாம் மில்லிமீட்டர்.

ஆசாரி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு பலகைத் துண்டில் எழுதினார். இருபத்தஞ்சு புள்ளி நாலால் வகுத்தால் 1905 சரியாக 75 இஞ்ச், 1524 சரியாக 60 இஞ்ச். மெத்தைக் கடை அளவு. 1676 என்றால் 66. அறுபத்தாறில் அறுபது போனால் ஆறு, அது ரெண்டு காலுக்கும் சேர்த்து.

"கால் மூணுக்கு மூணு," என்றார்.

"வெளிச்சத்துல மறைஞ்சிருக்கே, எப்படி மாமா..."

"மறைஞ்ச எண்ணு எங்க போயிரும்? பக்கத்து எண்ணுக்குள்ளதான இருக்கும்."

தலைமாட்டுக் கம்பிகளும் அப்படித்தான். வலது பக்கம் வெட்டுப்பட்டதால் முழுசாக எண்ண முடியவில்லை. ஆனால் நடுக்கம்பி தெரிந்தது, அதற்கு இடப்பக்கம் அஞ்சு. அப்படியானால் பதினொன்று. ஒன்று கூட இருந்தாலும் இருக்கட்டும் என்று பன்னிரண்டாக எழுதிக்கொண்டார்.

அப்புறம்தான் படத்தில் இல்லாத கணக்கு தொடங்கியது. அகலச் சட்டம் காலுக்கும் காலுக்கும் நடுவில் 60 இஞ்ச் என்றுதான் படம் சொல்லும். காலின் துளைக்குள் இறங்குகிற நாக்கு யாருக்கும் தெரியாது. பக்கத்துக்கு ஒன்றரை போட்டால் 63 இஞ்ச் மரம் வேண்டும். நீளச் சட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பெங்களூர் போகிற கட்டில், மாடி ஏற்றும்போது கழற்றி மாட்ட வேண்டும். போல்ட் போட்டு, நாக்கு அரை இஞ்ச் விட்டால் போதும். 76.

உத்திரத்தை அளக்கப் போனார். சுவருக்குள் இருந்த முனைகளைத் தட்டிப் பார்த்தார், ஒரு பக்கம் சத்தம் மக்கலாக வந்தது. ரெண்டு முனையிலும் அரை அடி தள்ளிவிட வேண்டியதுதான். மிச்சம் ஒன்பது அடி, அதாவது 108 இஞ்ச்.

"முதல் உத்திரத்துல 76 இஞ்சுக்கு ஒரு வெட்டு. இழைப்புக்கும் சேத்து ஒண்ணே முக்கால் கனத்துல ரெண்டு நீளச் சட்டம். அறுப்பு வாய்க்கு ஒரு நூல், அதான் அரைக்கால் இஞ்ச், ரெண்டு தடவை போக ஒண்ணேகால் கனத்துல ஒரு பலகை மிஞ்சும். அதைக் கிழிச்சாக் கம்பி. மிச்ச நீளத்துல கால்மாட்டுக் கால் ரெண்டும். ரெண்டாவது உத்திரத்துல 63க்கு ஒரு வெட்டு, 40க்கு ஒரு வெட்டு. அகலச் சட்டம் ரெண்டு, தலைமாட்டுக் கால் ரெண்டு, மேல் சட்டமும் அதுலயே..."

பென்சில் நின்றது. ஆறு இஞ்ச் அகலத்தில் மூணு இஞ்ச் கால் ரெண்டு எப்படி வரும்? அறுப்பு வாயே ஒரு நூல் தின்றுவிடும், இழைப்பு வேறு. சட்டமும் உதைத்தது. 150 மில்லி என்றால் கிட்டத்தட்ட 5.9 இஞ்ச். பழைய மரத்தின் இரு பக்கமும் கறுப்பு போகிற வரை இழைத்தால் அஞ்சே முக்கால்தான் நிற்கும். ஒண்ணேகால் நூல் குறை.

"தங்கச்சி, பாப்பாவுக்குப் போன் போடு."

ஸ்பீக்கரில் மகள் வந்தாள். ஆசாரி சுற்றி வளைக்கவில்லை.

"தாயி, கால் மூணுக்கு மூணுன்னு போட்டிருக்கு. ரெண்டே முக்காலாக் குறைச்சா உங்க தாத்தா உத்திரத்துலயே முடிஞ்சிரும். மெத்தை இடத்துல கை வைக்கமாட்டேன். வெளி அகலம் மட்டும் அரை இஞ்ச் குறையும். சட்டம் ஒரு நூலுக்குக் கொஞ்சம் மேல குறையும், அது கண்ணுக்குத் தெரியாது."

"டிசைனர் ஒத்துக்கணுமே மாமா."

"டிசைனரா படுக்கப் போறாரு?"

சிரிப்புச் சத்தம் கேட்டது. சரி என்றாள். கம்பி எண்ணிக்கையையும் கேட்டுக்கொண்டார். பதினொன்றுதான்.

மெத்தை தாங்கும் குறுக்குப் பலகைகளில்தான் ராமலட்சுமி மல்லுக்கு நின்றாள். எல்லாமே தேக்காக இருக்க வேண்டுமாம். பதின்மூன்று பலகை, நடுவில் தாங்கு சட்டம் ஒன்று. மூன்றாவது உத்திரத்தை முழுசாகக் கிழித்தாலும் எட்டுப் பலகைதான் தேறும் என்று அவர் விரல் விட்டுக் காட்டினார். மெத்தைக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள், வேம்பு போட்டால் பூச்சியும் அண்டாது. அவள் முகம் முழுசாகத் தெளியவில்லை. பேத்தி பிறந்தபோது செய்த வேப்பந்தொட்டில் இன்னும் ஆடுகிறதே என்றார். அதற்குப் பதில் இல்லை அவளிடம்.

சீட்டு இப்படி முடிந்தது:

தேக்கு: இருக்கும் உத்திரம் 2. மொத்தம் 4 கன அடிக்குச் சற்று மேல். வேலை முடிந்து கட்டிலில் நிற்பது இரண்டேகால்.
வேம்பு, வாங்க வேண்டியது: 3க்கு 1, அஞ்சு அடி, 13 துண்டு. 3க்கு 2, ஆறரை அடி, 1 துண்டு. கணக்குக்கு 1.62 கன அடி, ஒண்ணே முக்காலாக வாங்கவும்.
போல்ட் 8.

"அவன் 12ன்னான்," என்றாள் ராமலட்சுமி மறுபடியும்.

"அவன் படத்தைப் பாத்தான், மரத்தைப் பாக்கலையே. முழுத்தடியா வாங்கிச் செய்றவனுக்குக் கழிவு கூடத்தான். அவனையும் ஒரேயடியாக் குத்தம் சொல்ல முடியாது."

"அப்ப மூணாவது உத்திரத்தை வித்துரலாமா?"

"அறுத்து முடிக்கிற வரைக்கும் தொடாதீங்க. உள்ள ஆணி கிடந்து, அந்த இடம் காலுக்கு வந்துச்சுன்னா என்ன செய்வேன்?"

மில்காரர் பழைய மரம் என்றாலே முகம் சுளிப்பார். ஒரு ஆணி போதும், ரம்பத்தின் பல் போய்விடும், பிளேடு காசு நம் தலையில். கணேசன் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துவந்து முதல் உத்திரத்தின் மேல் மெல்ல இழுத்துக்கொண்டு போனான். நாலாவது அடியில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"மாமா, நீளச் சட்டம் வர்ற இடம்."

ஆசாரி குனிந்து, சாக்பீஸால் வட்டம் போட்டார். "பிடுங்கிப் பாப்போம். குறடை எடு."