பதிப்பு 4.2: வெளியிடலாமா, நிறுத்தலாமா? கூட்டத்துக்கான சரிபார்ப்புப் பட்டியல்

வியாழன் மாலை 4 மணி. முடிவு சொல்பவர் புராடக்ட் மேனேஜர். டெஸ்டர் ஆதாரத்தோடு வரவும். "எல்லாம் ஓகே" என்பது ஆதாரம் ஆகாது.

☐ சோதித்த பில்டும் வெளியிடப்போகும் பில்டும் ஒன்றுதானா? `4.2.0-rc3` கமிட் ஹாஷை இரண்டு இடத்திலும் காட்டவும். `rc2`-இல் எடுத்த ரிசல்ட் செல்லாது.

☐ ரிக்ரஷன்: 412 கேஸில் 405 பாஸ், 3 ஃபெயில், 4 ஓட்டவில்லை. ஓட்டாதவை எவை, ஏன்? ஃபெயிலை எல்லோரும் கேட்பார்கள். இதை யாரும் கேட்க மாட்டார்கள், நாமே சொல்ல வேண்டும்.

☐ யுபிஐ. அதிக நேரம் இதற்குத்தான். பணம் பிடித்த பிறகு பதில் வராமல் டைம்அவுட் ஆனால் ஆர்டர் நிலுவையில் நிற்கிறதா, தோல்வி என்று காட்டுகிறதா? பயனர் மறுபடி அழுத்தினால் இரண்டாவது தடவையும் பணம் போகிறதா? ஒரே கால்பேக் இருமுறை வந்தால் ஒரு ஆர்டர்தான் பதிவாக வேண்டும். டிரான்சாக்ஷன் ஐடி தெரியும் சர்வர் லாக், ஸ்கிரீன் ரெக்கார்டிங் இரண்டும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

☐ அந்த 3 ஃபெயில்: பணத்தைத் தொடும் பக் ஒன்று இருந்தாலும் நிறுத்தம். மற்றவற்றுக்கு மாற்று வழியும் ஒப்புதல் தந்தவர் பெயரும் டிக்கெட்டில் இருக்கட்டும்.

☐ ரோல்பேக்: ஸ்டேஜிங்கில் செய்து பார்த்த லாக். புது டேட்டாபேஸோடு பழைய 4.1 ஓடுகிறதா? ஃபோனில் ஏறிவிட்ட ஆப்பைத் திரும்ப வாங்க முடியாது என்பதால் ப்ளே ஸ்டோரில் முதலில் 5% பேருக்கு மட்டும்.

☐ அப்புறம், வெள்ளி இரவு டாஷ்போர்டைப் பார்ப்பவர் யார்? பெயர் இல்லையென்றால் வெளியீடு திங்களுக்கு.